ஆயிரத்து முந்நூறு செய்தி, ஒரு சுவர்

கேள்வி: பெரம்பூரில் 36 வீடுகள் உள்ள அடுக்ககத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். மழைக்கு முன்னால் சம்ப் வாயை உயர்த்துவது, ஈபி மீட்டர் போர்டை மேலே மாற்றுவது, கீழ்த்தளத்துக்குச் சுவர் கட்டுவது, இதற்கெல்லாம் யார் எவ்வளவு போடுவது என்று வாட்ஸ்அப் குரூப்பில் 12 நாளாகச் சண்டை. 1,300 செய்தி தாண்டிவிட்டது. நடுவில் ஆறு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். "என்ன நடக்குது, கொஞ்சம் சொல்லுங்க" என்று தினமும் கேட்கிறார்கள். நான் ஒரு சுருக்கம் எழுதிப் போட்டேன். ஒருதலைப்பட்சம் என்று அதற்கே இன்னொரு 200 செய்தி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. அதற்குள் எப்படிச் சரியாக எழுதுவது?
— செயலாளர், பெரம்பூர்

பதில்:

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய சுருக்கத்தை மூன்று முறை படித்தேன். அதில் பொய் என்று ஒரு வரிகூட இல்லை. இருந்தாலும் கோபம் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. "28ஆம் தேதி கீழ்த்தளத்திலிருந்து கோரிக்கை வந்தது. மாடி வீட்டார் பணம் தர மறுத்தார்கள். அதனால் வாக்குவாதம் முற்றியது" என்று தொடங்கியிருக்கிறீர்கள். இது கதை சொல்கிற முறை. கதை என்றால் யாரோ ஒருவர் ஆரம்பித்தாக வேண்டும், யாரோ ஒருவர் கெடுத்தாக வேண்டும். நீங்கள் நினைக்காவிட்டாலும் வாக்கியம் அந்த வேலையைச் செய்துவிடும். புதிதாக வந்த ஆறு பேரும் அதைப் படித்ததும், யார் பக்கம் நிற்பது என்றுதான் முதலில் யோசித்திருப்பார்கள்.

அவர்களுக்கு வேண்டியது வேறு. ஞாயிற்றுக்கிழமை எதை முடிவு செய்யப் போகிறார்கள், என் வீட்டுக்கு எவ்வளவு வரும், இன்னும் தெரியாதது என்ன. இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் போதும். சண்டை எந்த நாளில் எப்படிப் போனது என்பது அவர்களுக்குத் தேவையே இல்லை. ஆகவே நாள் வரிசையை விட்டுவிட்டு, கேள்வி வரிசையில் எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பிய உரையாடல் கோப்பையும் முழுக்கப் படித்தேன். (படித்த பிறகு அழித்துவிட்டேன். அதில் எல்லோருடைய பெயரும் நீங்கள் போனில் பதிந்து வைத்திருக்கிற மாதிரியே வந்திருக்கிறது. இனி அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.) கூட்டக் குறிப்பு எழுதுவதுதான் இருபது வருடமாக என் வேலை. நான் எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன், நீங்களும் ஒருமுறை அப்படிப் படித்துப் பாருங்கள்.

முதலில் கடைசி ஐம்பது செய்திகள். சண்டை இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால், முன்னால் போய்ப் படிக்கும்போது எது செத்துப்போன வாதம், எது உயிரோடு இருப்பது என்று பிடிபடும். அப்புறம் முதலிலிருந்து. ஒரு நோட்டில் நான்கு பக்கம் எடுத்துக்கொண்டேன்: என்ன வேலை, எவ்வளவு செலவு, யார் தருவது, எப்போது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. இடப்புறம் யாரும் மறுக்காதது, வலப்புறம் மறுப்பு வந்தது. ஒரு செய்தி எந்தப் பக்கத்துக்கும் பொருந்தவில்லை என்றால் அதை விட்டுவிடலாம். வணக்கம், ஸ்டிக்கர், கைதட்டல், திட்டு எல்லாம் இதில் தானாகக் கழிந்துவிடும். ஒரே கருத்து மறுபடி வந்தால் மறுபடி எழுதவில்லை. அந்த வீட்டுக்கு ஒரு புள்ளி மட்டும் வைத்தேன்.

குரல் பதிவுகளை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். படங்கள் இல்லாமல் ஏற்றுமதி செய்த கோப்பில் அவை <Media omitted> என்று ஒரே வரியாக வந்திருக்கின்றன. உங்கள் கோப்பில் அந்த வரி 80 இடங்களுக்கு மேல் இருக்கிறது. கை ஓயும் அளவுக்குக் கோபம் வந்த பிறகுதான் ஜனங்கள் மைக்கை அழுத்துகிறார்கள். முக்கியமான விளக்கமும் அங்கேதான் இருக்கும், தட்டச்சு செய்யச் சிரமப்படுகிற பெரியவர்களின் கருத்தும் அங்கேதான் இருக்கும். அந்தந்த நேரத்தைப் பார்த்து, குரூப்பில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். உங்கள் முதல் சுருக்கத்தில் ஒரு குரல் பதிவில் இருந்த செய்திகூட இடம்பெறவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிப் படித்தபோது எனக்குக் கிடைத்ததைப் பாருங்கள். மொத்தக் கொட்டேஷன் 4,32,000 ரூபாய். எல்லோரும் சண்டை போடுவதும் இந்தத் தொகையைச் சொல்லித்தான். ஆனால் அது மூன்று வேலை. சம்ப் வாயை உயர்த்தி மோட்டாரை மேடைக்கு ஏற்ற 1,44,000. மீட்டர் போர்டை மேலே மாற்ற 1,26,000. கீழ்த்தள வீடுகளுக்கு முன்னால் சுவரும் வாசல் சரிவும் 1,62,000. முதல் இரண்டு வேலைக்கும் பணம் பகிர்வதை 12 நாளில் ஒருவர்கூட மறுக்கவில்லை. மூன்றாம் நாளே மூன்றாம் மாடியிலிருந்து ஒரு சார் எழுதியிருக்கிறார்: "மோட்டாருக்கும் மீட்டருக்கும் என் பங்கை நாளைக்கே தர்றேன், சுவருக்குத்தான் யோசனை." அதற்கு அடுத்த செய்தி ஒரு பூங்கொத்துப் படம். அதற்கும் அடுத்தது "உங்களுக்கு மேல இருக்கோம்னு திமிர்" என்று தொடங்குகிறது. அந்தச் சாருடைய வரியை அதற்கப்புறம் யாருமே எடுக்கவில்லை. நீங்களும் "மாடி வீட்டார் பணம் தர மறுத்தார்கள்" என்றுதான் எழுதினீர்கள். 7,500 ரூபாயை நாளைக்கே தருகிறேன் என்றவருக்கு அந்த வரி எப்படி இருந்திருக்கும்!

சூடான விவாதத்தைச் சுருக்கும்போது எனக்கு முக்கியமான வேலை இதுதான்: யாரும் மறுக்காமல் போனதைத் தேடி எடுப்பது. எதிர்த்துப் பேசுகிறவர்களுக்குச் சத்தம் அதிகம், ஒத்துப்போகிறவர்களுக்குச் சத்தமே இருக்காது. இடப்புறப் பட்டியல்தான் முதலில் நிரம்ப வேண்டும். உங்கள் விஷயத்தில் அது 2,70,000 ரூபாய்க்கு நிரம்பிவிட்டது. மீதி இருப்பது ஒரு சுவர்.

அடுத்து எண்ணிக்கை. "பெரும்பாலானோர் கருத்து" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் வீட்டு வாரியாகப் புள்ளி வைத்துப் பார்த்தேன். குழுவில் இருப்பது 33 வீடு. பேசியது 19. அதிலும் இரண்டே வீட்டிலிருந்து 470 செய்தி. ஒருவர் நூறு முறை சொன்னாலும் அது ஒரு வீட்டின் கருத்துதான். பேசாத 14 வீட்டின் மனசு நமக்குத் தெரியாது. பெரும்பாலானோர் என்ற சொல்லைப் பொதுக்குழுவில் கை தூக்கிய பிறகு எழுதலாம். அதுவரை எத்தனை வீடு பேசின என்று மட்டும் எழுதுங்கள்.

செத்துப்போன வாதம் என்றேன் இல்லையா, அதற்கும் உங்களிடம் ஓர் உதாரணம் இருக்கிறது. 2ஆம் தேதி ஒருவர், 3,24,000 ரூபாய்க்கே இன்னொரு கொட்டேஷன் இருக்கிறது என்று போட்டார். குரூப்பே பற்றிக்கொண்டது. நீங்கள் கமிஷன் வாங்கினீர்கள் என்கிற அளவுக்குப் போனது. மறுநாள் அவரே, அதில் மீட்டர் வேலை சேரவில்லை, பார்க்காமல் போட்டுவிட்டேன் என்று எழுதிவிட்டார். மீட்டரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் முதல் கொட்டேஷன் 3,06,000தான். அதாவது 18,000 குறைவு. ஆனால் திருத்தம் வந்த பிறகும் "அந்த மூணே கால் லட்சம்" என்ற பேச்சு ஐந்து நாள் ஓடியிருக்கிறது. இந்த மாதிரி விஷயத்தை, அதுதான் முடிந்துவிட்டதே என்று சுருக்கத்தில் விட்டுவிடக் கூடாது. புதிதாக வந்தவர் மாடிப்படியில் அதைக் கேள்விப்படுவார். திருத்தம் என்று தலைப்புப் போட்டு இரண்டு வரி எழுதுங்கள். யார் போட்டார் என்ற பெயர் வேண்டாம். அவர்தான் தானாகவே திருத்திக்கொண்டாரே.

இனி சொற்கள். ஆரம்ப காலத்தில் ராயபுரத்தில் மீனவர்களின் சங்கம் ஒன்றுக்குக் குறிப்பு எழுதினேன். டீசல் கணக்கு பற்றிய கூட்டம். பொருளாளர் எழுந்து, "ரெண்டு ரசீது குறையுது, தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார். நான், "இரண்டு ரசீது குறைவதைப் பொருளாளர் ஒப்புக்கொண்டார்" என்று எழுதினேன். எனக்கு அது சாதாரண வாக்கியமாகத்தான் பட்டது. மறுநாள் காலை அவர் என் வாசலில் நிற்கிறார், கையில் அந்தத் தாள். "நான் சொன்னேன்பா. யாரும் கேக்காமலே நானாதான் சொன்னேன். நீ ஒப்புக்கிட்டேன்னு எழுதிட்டே. என் மகன் படிச்சிட்டு என்னப்பா பண்ணேன்னு கேக்கிறான்" என்றார். ரசீது இரண்டும் அந்த வாரமே கிடைத்தது. அவர் மட்டும் அதற்கப்புறம் கூட்டத்தில் வாய் திறக்கவே இல்லை. அன்றிலிருந்து "ஒப்புக்கொண்டார்", "மழுப்பினார்", "வற்புறுத்தினார்", "மறுத்தார்" எதையும் நான் எழுதுவதில்லை. "சொன்னார்", "கேட்டார்" என்ற இரண்டுமே பெரும்பாலும் போதும்.

பெயர்ச்சொல்லிலும் இதே ஆபத்து இருக்கிறது. உங்கள் குரூப்பில் கீழ்த்தளத்தார் அதைப் "பொதுச் சுவர்" என்கிறார்கள், மாடியில் இருப்பவர்கள் "கீழ்வீட்டுச் சுவர்" என்கிறார்கள். யார் பணம் தருவது என்ற வாதமே அந்தப் பெயருக்குள் இருக்கிறது. நீங்கள் ஏழு இடத்தில் பொதுச் சுவர் என்று எழுதிவிட்டீர்கள். நீங்கள் இருப்பதும் கீழ்த்தளம். அதனால் உங்கள் எண்ணம் தப்பு என்று சொல்ல வரவில்லை. வீட்டில் தினமும் சொல்கிற சொல் கையில் அப்படியே வந்துவிட்டது, அவ்வளவுதான். "தடுப்புச் சுவர்" என்று எழுதினால் இரண்டு பக்கமும் படிக்கலாம். எழுதியவர் கீழ்த்தளத்தில் இருக்கிறார் என்பதையும் அடியில் நீங்களே சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் சொல்லிக் கண்டுபிடிப்பதைவிட அது நல்லது.

திட்டுகளை என்ன செய்வது? வசவை அப்படியே விட்டுவிடுங்கள். ஆனால் விடுவதற்கு முன் அதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். "வாடகைக்கு இருக்கிறவங்க இதுல பேசாதீங்க" என்று ஒருவர் எழுதியதில் நாலு வீடு மனம் நொந்துபோயிருக்கிறது. அந்த வரி வேண்டாம். ஆனால் வாடகைக்கு இருப்பவர்கள் பொதுக்குழுவில் பேசலாமா என்பது உண்மையான கேள்வி, இன்னும் பதிலும் கிடைக்கவில்லை. புதிதாக வந்த ஆறு பேரில் நான்கு பேர் வாடகைக்கு வந்தவர்கள் என்கிறீர்கள், அவர்களுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும். அதேபோல், பொருளாளரைப் பற்றி வந்த குற்றச்சாட்டுகளைச் சொல்ல வேண்டாம். கணக்கு கேட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வைப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்பதைச் சொல்லுங்கள். அவர் 4ஆம் தேதி குரூப்பை விட்டுப் போனதைப் பதவியையே விட்டுவிட்டார் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதையும் ஒரு வரியில் தெளிவாக்குங்கள்.

இதையெல்லாம் சேர்த்து நான் எழுதினால் இப்படி வரும். உங்கள் நடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

"சம்ப், மீட்டர், தடுப்புச் சுவர்: அக்டோபர் 9, வியாழன் இரவு 9 மணி வரை பேசியது.

ஞாயிறு (12) பொதுக்குழுவில் முக்கியமாக முடிவு செய்ய வேண்டியது: கீழ்த்தளத் தடுப்புச் சுவருக்கு ஆகும் 1,62,000 ரூபாயை 36 வீடும் பகிர்வதா, கீழ்த்தளத்து 9 வீடும் ஏற்பதா.

மறுப்பு வராதவை: சம்ப் வாயை உயர்த்தி மோட்டாரை மேடைக்கு மாற்றுவது, 1,44,000. மீட்டர் போர்டை மேலே மாற்றுவது, 1,26,000. இரண்டையும் எல்லா வீடும் சமமாகப் பகிர்ந்தால் வீட்டுக்கு 7,500. குழுவில் யாரும் மறுக்கவில்லை. பொதுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும்.

சுவர் பற்றி, எல்லோரும் பகிரலாம் என்பவர்கள் (வீட்டுக்கு 4,500) சொல்வது: தண்ணீர் கீழ்த்தளம் வழியாகத்தான் படிக்கட்டுக்கும் மோட்டார் அறைக்கும் வருகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மோட்டார் மூழ்கி 36 வீட்டுக்கும் ஐந்து நாள் தண்ணீர் இல்லை.

கீழ்த்தளம் ஏற்கட்டும் என்பவர்கள் (அந்த 9 வீட்டுக்கு 18,000) சொல்வது: மோட்டாரும் மீட்டரும் மேலே போன பிறகு சுவரால் பயன் அந்த வீடுகளுக்குத்தான். மொட்டை மாடி ஒழுகியபோது மூன்றாம் மாடி வீடுகளே செலவு செய்தன.

திருத்தம்: 3,24,000 கொட்டேஷனில் மீட்டர் வேலை இல்லை. மீட்டர் இல்லாமல் முதல் கொட்டேஷன் 3,06,000.

இன்னும் தெரியாதவை: மீட்டர் மாற்ற ஈபி அனுமதிக்கு விண்ணப்பம் கொடுக்கவில்லை, எப்போது கிடைக்கும் என்று தெரியாது. வாடகைக்கு இருப்பவர்கள் கூட்டத்தில் பேசலாமா என்பதற்குப் பதில் இல்லை. கணக்கைப் பொருளாளர் ஞாயிறு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் குரூப்பிலிருந்து விலகினார், பொறுப்பிலிருந்து விலகவில்லை.

குழுவில் 33 வீடு, பேசியவை 19. எழுதியது: செயலாளர், கீழ்த்தளம்."

இதில் கீழ்த்தளத்தின் வாதத்துக்கும் மாடியின் வாதத்துக்கும் இரண்டிரண்டு வாக்கியம் இருப்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றே அப்படி வைத்தேன். உங்கள் முதல் சுருக்கத்தில் மோட்டார் மூழ்கிய கதைக்கு ஒன்பது வரி, மொட்டை மாடி ஒழுகிய விஷயம் ஒரு வரிகூட இல்லை. மாடியில் இருப்பவர்களின் ஆதங்கமே அதுதான். அன்றைக்கு எங்கள் செலவை நீங்கள் பகிரவில்லையே என்று ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள், அதில் நான்கு குரல் பதிவில். எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்தை, அவர்களே இப்படிச் சொல்லியிருக்கலாமே என்று நினைக்கும் அளவுக்கு எழுத வேண்டும். அது வரவில்லை என்றால் நீங்கள் இன்னும் அவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

அது வந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. குரூப்பில் போடுவதற்கு முன், வெள்ளி காலையில், அதிகம் எழுதிய அந்த இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், கேட்டால் இல்லை என்றுதான் வரும். "சார், உங்க தரப்பு வாதம் நீங்க சொல்ற மாதிரியே வந்திருக்கா? எந்தச் சொல்லை மாத்தணும்?" என்று கேளுங்கள். தங்கள் பக்கத்து இரண்டு வாக்கியத்தை அவர்கள் திருத்தலாம், மற்றவருடைய இரண்டு வாக்கியத்தைத் தொட முடியாது. மாலை ஆறு மணி வரை நேரம். பதில் வராவிட்டாலும் காத்திருக்க வேண்டாம்.

வெள்ளி இரவு குரூப்பில் போட்டு, மேலே பின் செய்து வையுங்கள். ஏழு நாளுக்கு வைத்தால் கூட்டம் முடியும்வரை இருக்கும். அந்த நேரத்தில் மற்றவர்கள் எழுத முடியாதபடி குரூப்பைப் பூட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சுருக்கத்தைவிடப் பூட்டியதுதான் பெரிய செய்தியாகிவிடும். அதற்குப் பதில் கடைசியில் ஒரு வரி சேருங்கள்: தவறு இருந்தால், எந்தத் தேதி, எந்த நேரத்துச் செய்தி என்று குறித்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், சனி மதியம் திருத்திய பிரதி வரும். தேதியும் நேரமும் கேட்டாலே வெறும் கோபத்தோடு வருகிறவர்கள் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், உண்மையான பிழையைக் கண்டவர் தேடி எடுத்து அனுப்புவார். போட்ட செய்தியையே திருத்த நினைக்காதீர்கள். வாட்ஸ்அப் 15 நிமிடம்தான் அதற்கு விடும். அது போக, நேற்றுப் படித்த வரி இன்று மாறியிருந்தால் சந்தேகம் வரும். இரண்டாம் பிரதி என்று எழுதி, என்ன மாறியது என்று முதல் வரியில் சொல்லிப் புதிதாகப் போடுங்கள், பழையது அப்படியே இருக்கட்டும்.

வியாழன் இரவு 9 மணிக்கு மேல் வந்ததை இதில் சேர்க்காதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற விவாதத்தைத் துரத்தினால் சுருக்கம் முடியவே முடியாது. புதுக் கொட்டேஷன் வந்தது போல ஏதாவது பெரிய மாற்றம் என்றால் மட்டும் சனிக்கிழமைப் பிரதியில் வரட்டும்.

கடைசியாக, அந்த மூன்று வீடு. 36 வீட்டில் 33தான் குரூப்பில் இருக்கிறது. மீதி மூன்றில் ஒன்று கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிற அம்மா, சாதாரண போன்தான் வைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். 18,000 ரூபாய் வரலாம் என்கிற ஒன்பது வீட்டில் அவருடையதும் ஒன்று. சனிக்கிழமைப் பிரதியைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எடுத்து மோட்டார் அறைக் கதவில் ஒட்டுங்கள். அவர் வீட்டுக்கு நீங்களே போய் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். போகும்போது மாடியிலிருந்து ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். நாளைக்கே தருகிறேன் என்று எழுதிய அந்த மூன்றாம் மாடிச் சார் வருவார் என்று எனக்குத் தோன்றுகிறது.